‘பதிவு ஓடுகிறதா?’ என்ற கேள்வி போதாது

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவு முழுவதும் இயங்கும் இந்தியத் தொலைநிலை உதவி மையங்களில், பணி தொடங்குமுன் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்புவது வழக்கம். கைப்பேசி வெளியே வைக்கப்பட்டதா, மேசையில் தாளும் பேனாவும் இல்லையா, திரைப்பகிர்வுக்கு முன் ஒப்புதல் பெறப்படுகிறதா, அமர்வுப் பதிவு ஓடுகிறதா என்பன அதில் காணப்படும் வரிகள். இவற்றுள் கடைசி வரியில் குறி இடப்பட்டுவிட்டால் மற்றவை தாமாகவே காக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பதிவு என்பது ஒரு காவல் ஏற்பாடு மட்டுமன்று. ஒவ்வோர் இரவும் பிறருடைய இரகசியங்களைக் கொண்டு புதிதாக வளரும் ஒரு களஞ்சியமும் அதுவே. பட்டியல் இந்த இரண்டாவது தன்மையைக் காணத் தவறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். நியூ ஜெர்சியில் ஒரு பல் மருத்துவமனை. அங்கே கோடைக்காலப் பிற்பகல் 3.10. நொய்டாவில் நள்ளிரவு கடந்து 12.40. கட்டண மென்பொருள் திறக்கவில்லை என்று வரவேற்பாளர் அழைக்கிறார். பணியாளர் திரையைப் பகிருமாறு கேட்கிறார். வரவேற்பாளரோ அந்த ஒரு சாளரத்தை மட்டும் பகிராமல் முழுத்திரையையும் பகிர்கிறார். பின்னணியில் அன்றைய நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் திறந்திருக்கிறது. சிக்கலுக்கும் அந்தப் பட்டியலுக்கும் தொடர்பே இல்லை. எனினும் முப்பத்தெட்டு நிமிட அமர்வில் பெரும்பகுதி அது பதிவாகிறது. அந்தக் கணமே அப்பதிவு, அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் காக்கும் மருத்துவத் தகவலைத் தாங்கிய கோப்பாக மாறிவிடுகிறது. ‘ஒப்புதல் பெறப்பட்டதா’ என்ற வரிக்கு நேரே குறி சரியாகவே இடப்பட்டிருக்கும். கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பகிர்வு தொடங்குமுன் தேவையற்ற சாளரங்கள் மூடப்பட்டனவா, பகிரப்பட்டது ஒரு செயலியா அல்லது முழுத்திரையா?

அடுத்து நிர்வாகி அனுமதி தேவைப்படுகிறது. விண்டோஸ் அந்த அனுமதிக் கேள்வியைத் தனியொரு பாதுகாப்புத் திரையில் காட்டும். பல தொலைநிலைக் கருவிகளில் அவ்வேளை உதவியாளருக்குக் கருந்திரையே தெரியும். அவசரத்தில் இருக்கும் பணியாளர்கள் அந்த அமைப்பையே அணைத்துவிட்டு வேலையை முடிப்பதுண்டு. மீண்டும் இயக்க மறந்தால், வாடிக்கையாளரின் கணினி முன்பைவிட வலுக்குறைந்த நிலையில் விடப்படுகிறது. அமர்வின் முடிவில் இதைச் சரிபார்க்க ஒரு கட்டளை போதும்:

```
reg query HKLM\SOFTWARE\Microsoft\Windows\CurrentVersion\Policies\System /v PromptOnSecureDesktop
```

விடை `0x1` என்றால் பாதுகாப்புத் திரை இயங்குகிறது. `0x0` என்றால் அணைந்துள்ளது. ‘கணினி பழைய நிலைக்குத் திருப்பப்பட்டதா’ என்று பொதுவாகக் கேட்பதைவிட இத்தகைய ஒரு வரி பயனுடையது. அதற்கு ஊகத்தால் விடை எழுத முடியாது.

அனுமதிக்கான கடவுச்சொல் தட்டச்சாகும் கணம் இன்னும் நுட்பமானது. அது ஒரு குறிப்பேட்டுச் சாளரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டப்பட்டால், பதிவைப் பின்னர் காணும் எவரும் அதைப் படித்துவிடலாம். கட்டண அட்டை எண்களுக்கும் இதே நிலைதான். அட்டையின் சரிபார்ப்பு எண்ணைப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பின் மறையாக்கம் செய்துகூடச் சேமிக்கக் கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் தரநெறியின் விதி. ஆகவே அத்தகைய கணங்களில் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் நிறுத்தும் உரிமை பணியாளரிடம் இருந்தால், தவறு செய்ய விரும்புபவருக்கும் அதுவே கதவாகிவிடும். இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். அமர்வு 38 நிமிடம், பதிவு 31 நிமிடம் எனில், விடுபட்ட 7 நிமிடமும் காரணத்துடன் கருவியின் நிகழ்வுக் குறிப்பில் இருக்க வேண்டும். கடவுச்சொல் இட ஒரு நிமிடம் போதும். மீதி ஆறு நிமிடங்களுக்கு விளக்கம் இல்லையென்றால் அதுதான் விசாரிக்க வேண்டிய இடம். இதைவிடச் சிறந்த வழி, கடவுச்சொல் பெட்டகமே பணியாளர் கண்ணில் காட்டாமல் அதை உரிய இடத்தில் செலுத்துவது.

உதவிக்காகத் திரட்டிய பதிவுகளே திருடர்களுக்குத் திறவுகோலான வரலாறு உண்டு. 2023 அக்டோபரில் ஆக்டா நிறுவனம் வெளியிட்ட நிகழ்வில், ஊடுருவியவர்கள் நுழைந்தது அதன் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள். சிக்கலைக் கண்டறிவதற்காக வாடிக்கையாளர்கள் அங்கே ஏற்றியிருந்த உலாவிப் பதிவுக் கோப்புகளில் உயிர்ப்புள்ள அமர்வு அடையாளங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு கடவுச்சொல்லே இன்றி ஐந்து வாடிக்கையாளர்களின் அமர்வுகள் கைப்பற்றப்பட்டன. காணொளிப் பதிவுக் களஞ்சியமும் இதே வகையைச் சேர்ந்ததே. அதை யார் பார்க்கலாம், பார்த்தவர் பெயர் பதிவாகிறதா, எத்தனை நாளில் அழிகிறது என்ற மூன்று வரிகளும் பல பட்டியல்களில் இல்லை.

பொதுக் கணக்குகளோ பதிவின் சாட்சியத்தையே குலைக்கின்றன. மேற்சொன்ன மருத்துவமனை மூன்று மாதம் கழித்து, அந்த அமைப்பை மாற்றியவர் யார் என்று கேட்கிறது என்று கொள்வோம். குறிப்பில் இருப்பது `support02`. அந்த ஒரு பெயரில் ஐந்து பேர் நுழைகின்றனர். சுட்டி நகர்வதைக் காணொளி காட்டுகிறது. அதை நகர்த்திய கையைக் காட்டவில்லை. உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தவே பெரும்பாலும் இந்தப் பகிர்வு நிகழ்கிறது. பழி மட்டும் அன்றிரவு பணியிலிருந்த ஐவர் மீதும் விழுகிறது. பொதுக் கணக்கைத் தவிர்க்கவே முடியாத பழைய கருவிகளில், பெட்டகத்திலிருந்து ஒருவர் தம் பெயரில் அதை எடுத்துத் திருப்பித் தந்ததும் கடவுச்சொல் மாறிவிடும் ஏற்பாடு வேண்டும்.

பதிவு காணாத ஒன்றும் உண்டு: திரையைப் படமெடுக்கும் கைப்பேசி. வெளிநாட்டு உதவிப் பணியாளர் சிலருக்குக் கையூட்டு கொடுத்து வாடிக்கையாளர் தரவு திரட்டப்பட்டதாக 2025 மே மாதத்தில் காயின்பேஸ் அறிவித்தது. ஆகவே கைப்பேசித் தடை வீணன்று. ஆனால் பையைச் சோதிப்பதைக் காட்டிலும், திறந்த டிக்கெட் இல்லாத வாடிக்கையாளரின் விவரம் திரையில் வராதபடி தடுப்பதே வேர்வரை செல்லும். முன்னது பணியாளரைச் சந்தேகிக்கிறது. பின்னது அமைப்பைத் திருத்துகிறது. முன்னதற்குச் செலவு குறைவு என்பதால் அதுவே பட்டியலின் முதல் வரியாக நிற்கிறது.

இந்தியச் சட்டம் இங்கே முற்றிலும் ஒதுங்கி நிற்கவில்லை. வெளிநாட்டு ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டினரின் தரவைக் கையாள்வோருக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் பல கடமைகளிலிருந்து விலக்களிக்கிறது. தரவைக் காக்கும் கடமையிலிருந்து விலக்களிக்கவில்லை. இரவுப் பணியை இன்னும் நேரடியாகத் தொடுவது, 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை. பட்டியலிட்ட பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அதிகாலை 1 மணிக்கு அத்துமீறிய நுழைவு ஒன்று கண்ணில் பட்டால் கெடு காலை 7 மணி. பகல்நேர மேலாளர் அலுவலகம் வருவது அதற்குப் பின்னரே. அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கும் இரவு மேற்பார்வையாளர் விதியைத் தம்மையறியாமலே மீறுகிறார். எவரை எழுப்புவது, எழாவிட்டால் யார் அறிக்கை அனுப்புவது என்பவை பெயரோடும் எண்ணோடும் பட்டியலில் இருக்க வேண்டும். நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் எழுதுவது நன்று, நொய்டாவின் 12.40 அங்கே முந்தைய நாளின் 19.10. முதல் அறிக்கையில் எல்லாம் இருந்தாக வேண்டியதில்லை. அவ்வேளை தெரிந்ததை அனுப்பி, எஞ்சியதைப் பின்னர் சேர்க்கலாம்.