சாரம் மட்டும் போதுமா? செஞ்சி வரலாற்றுச் சுருக்கங்களை முன்வைத்து ஒரு மறுப்பு

ஒரு மொழியில் எழுதப்பட்ட ஆவணத்தை வேற்றுமொழி வாசகருக்குச் சுருக்கித் தரும்போது சாரம் சென்றடைந்தால் போதும் என்றும், பெயரும் கலைச்சொல்லும் தொனியும் முழு மொழிபெயர்ப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்றும் ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. மூலத்தைப் பின்னர் எல்லோரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கும் இக்கருத்துக்கு மெக்கன்சி தொகுப்பின் வரலாறே மாறாக உள்ளது. காலின் மெக்கன்சி திரட்டிய தென்னிந்தியச் சுவடிகளுக்கு எச். எச். வில்சன் 1828இல் வெளியிட்ட ஆங்கில விவரப் பட்டியல், மெக்கன்சியின் இந்திய உதவியாளர்கள் எடுத்துவைத்த குறிப்புகளைப் பெரிதும் சார்ந்திருந்தது. மூல மொழிகளை அறியாத வாசகருக்கு அத்தகைய சுருக்கமே மூலமாக நின்றது. ஆகவே மேற்கண்ட கருத்தின் மூன்று கூறுகளையும் அத்தொகுப்பிலும் இடம்பெறும் செஞ்சியின் வரலாற்றைக் கொண்டே சோதிப்பது பொருந்தும்.

முதலாவது, வாசகர் அறிந்த ஒரே பெயரை எங்கும் இட்டால் தெளிவு கிடைக்கும் என்பது. செஞ்சியை மராட்டிய ஆவணங்கள் 'சந்தி' என்றும் தஞ்சாவூரைச் 'சந்தாவர்' என்றும் குறிக்கின்றன. இவ்விரண்டின் ஒலி நெருக்கத்தை அறியாமல் பெயர் மாற்றுபவர் ஒரு கோட்டையின் செய்தியை வேறோர் ஊருக்கு ஏற்றிவிடக்கூடும், மாற்றிய பிறகோ அப்பிழையைக் கண்டுபிடிக்க வழியிராது. மேலும், எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் கோட்டையைப் பிடித்த முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் 'நுஸ்ரத் ஜங்' என்ற பட்டத்தால் அது 'நுஸ்ரத்கட்' எனப்பட்டது. ஆதலால் தேதியில்லாத ஒரு பாரசீக ஆவணத்தில் அப்பெயர் வருமாயின், அந்தப் படி 1698க்கு முற்பட்டதன்று என்று கருத இடமுண்டு. சுருக்குபவர் அதைச் 'செஞ்சி' என்று திருத்தும்போது காலச் சான்று ஒன்று அழிகிறது. மூலப் பெயரை முதல் முறை அப்படியே தந்து, அருகில் இன்றைய பெயரைச் சேர்த்துவிட்டால் இரண்டு தேவையும் நிறைவேறும்.

இரண்டாவது, கலைச்சொற்களுக்கு நிகரான பொதுச்சொல் போதும் என்பது. தேசிங்கு ராஜன் என்று தமிழகம் அறிந்த தேஜ் சிங், 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் போரிட்டு மாண்டார். அவருடைய தந்தை சரூப் சிங் செஞ்சியின் கில்லேதார், அதாவது பேரரசின் சார்பில் கோட்டையைக் காத்து, அதற்கென ஒதுக்கப்பட்ட ஜாகீர் நிலங்களின் வருவாயைக் கொண்டு படையைப் பேணிய அதிகாரி. தந்தை இறந்ததும் மகன் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டதும், நவாப் நிலுவைத் தொகையைக் கேட்டதும் போருக்கு இட்டுச் சென்றன. இதில் கில்லேதாரை 'அரசர்' என்று மாற்றினால் நவாபின் கோரிக்கை ஒரு நாட்டின்மேல் மற்றொரு நாடு தொடுத்த படையெடுப்பாகிவிடும். 'காவல் தலைவர்' என்று மாற்றினாலோ பதவி மகனுக்கு உரியதா என்ற வழக்கின் வேரே மறைந்துபோகும். 'ராஜா' என்ற பட்டமும் 'கில்லேதார்' என்ற பதவியும் தனித்தனியே நின்றால்தான் சண்டையின் காரணம் விளங்கும். விளக்கத்தால் சுருக்கம் நீளும் என்ற தடை நியாயமானதே ஆயினும், வாதம் எந்தச் சொல்லைச் சுற்றிச் சுழல்கிறதோ அதற்கு மட்டும் ஒரு தொடரளவு விளக்கம் தந்து, மற்றவற்றைப் பொதுச்சொல்லால் கடந்து செல்லலாம்.

மூன்றாவது, தொனி ஓர் அலங்காரமே என்பது. மெக்கன்சி தொகுப்பைச் சேர்ந்த 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' போன்ற தமிழ் வரலாறுகளில் ஆவணச் செய்தியும் கர்ணபரம்பரையும் அடுத்தடுத்து வருகின்றன. செஞ்சியில் கோட்டையமைத்தவர் எனப்படும் ஆனந்தக் கோன் மலையில் புதையல் கண்ட கதை இரண்டாம் வகையினது. தமிழ் உரைநடை இவ்வகைச் செய்தியை 'கண்டானாம்' என்ற ஈற்றாலோ 'என்பார்கள்' என்ற முடிப்பாலோ விலக்கி நிறுத்தும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய ஈறு இல்லாமையால், சுருக்குபவர் 'கூறப்படுவதன்படி' என்ற பொருளுடைய தொடரை வலிந்து சேர்க்காவிடில் 'கண்டானாம்' என்பது 'கண்டான்' ஆகி, செவிவழிக் கதை வரலாற்று நிகழ்ச்சியாகிறது. இங்கே தொனி என்பது சொன்னவர் தம் கூற்றுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதன் அளவு. அதை இழந்த சுருக்கம் மூலம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

சுருக்கம் எல்லாவற்றையும் காக்க இயலாது என்பது உண்மையே. உவமை, அடுக்குமொழி, முகமன் வரிகள் உதிர்வதால் பெரும் கேடில்லை. உதிரக்கூடாததை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மூலம் இவ்விடத்தை எப்பெயரால் குறித்தது, இவர் எப்பதவியில் இருந்தார், இச்செய்தியை யார் பொறுப்பில் சொல்கிறது என்ற மூன்று வினாக்களுக்கும், மூலமொழி அறியாத ஒருவர் சுருக்கத்தை மட்டும் படித்து விடை சொல்ல முடிய வேண்டும். முடியாத இடத்தில் விடுபட்டிருப்பது சாரத்தின் ஒரு பகுதியே.