91 என்றால் இந்தியா அல்ல, கடிகாரம்

சாங்கி விமானச் சரக்கு நிலையத்தில் நான் விடுமுறைக்காலப் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. கென்யாவிலிருந்து ரோஜாப் பூக்கள் வந்திருந்தன. முந்தைய நாள் ஓசூர் ரோஜாவுக்கு நான் நிரப்பிய சுங்கக் குறியீடு 060311. அது இந்தியாவின் எண் என்று நினைத்து, கென்யாவின் எண்ணைப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை அக்கா சிரித்துவிட்டார். “தம்பி, அது ரோஜாவோட எண். நாட்டோட எண் இல்ல.”

தொலைபேசி எண்களைப் பார்த்துப் பழகியதால் வந்த குழப்பம் இது. +91 இந்தியா, +65 சிங்கப்பூர். ஆனால், சுங்கப் பட்டியலில் 91ஆம் அத்தியாயம் கடிகாரங்கள். 65ஆம் அத்தியாயம் தொப்பிகள்.

060311 என்பதைப் பிரித்துப் பாருங்கள். 06 என்பது செடிகளும் பூக்களும் அடங்கிய அத்தியாயம். 0603 பறித்த பூக்கள். 060311 அவற்றுள் ரோஜா. 1988 முதல் நடப்பில் உள்ள இந்த அனைத்துலக முறையில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒன்றே. அதன்பின் வரும் இலக்கங்களை அந்தந்த நாடோ வட்டாரமோ சேர்த்துக்கொள்கிறது. அவையும் பொருளைத்தான் மேலும் பிரிக்கின்றன.

ஆக, ஓசூர் ரோஜாவுக்கும் கென்யா ரோஜாவுக்கும் ஒரே எண். தேக்கா பூக்கடைகளுக்காக ரோஜாவோடு ஒரே விமானத்தில் வரும் மல்லிகைக்கோ வேறு எண்: ‘மற்ற பூக்கள்’ என்ற 060319. நாட்டைக் குறிக்கப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. அதில் IN அல்லது KE என்று நிரப்புகிறோம்.

இப்படிப் பிரித்து வைத்ததே சரி என்பேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ரோஜா என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எந்த நாட்டில் பூத்தது என்று தெரியாது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். கண்ணால் சோதிக்கக்கூடியதையும் ஆவணத்தால் நிரூபிக்க வேண்டியதையும் ஒரே எண்ணில் கலந்தால், ஒன்றில் தவறு நேர்ந்தாலும் இரண்டும் கெடும். மேலும், இரு நாட்டு ரோஜாவுக்கும் ஒரே எண் இருப்பதால்தான், ஒரு நாடு யாரிடம் எவ்வளவு வரி வாங்குகிறது என்று ஒப்பிட முடிகிறது. வர்த்தக உடன்பாட்டின்கீழ் சலுகை கொடுத்தாலும், அது வரிப் பட்டியலில் வெளிப்படையாகத் தெரியும்.

பொருள் விவரிப்புக்குள் நாட்டை ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் உதாரணம் இருக்கிறது. 1904இல் ஜெர்மனி ஒருவகை மாடுகளுக்கு வரியைக் குறைத்தது. கடல் மட்டத்துக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் உயரத்தில் வளர்ந்து, ஆண்டில் ஒரு மாதமாவது 800 மீட்டர் உயரத்தில் மேய்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுவிட்சர்லாந்தின் பெயர் அதில் இல்லை. ஆனால், பயனடைந்தவை சுவிஸ் மாடுகள்தான்.

அந்த மாட்டைப் பார்த்து, அது எந்த மலையில் மேய்ந்தது என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்?