தாத்தாவின் வாய்ஸ் மெசேஜ், வீடியோவின் குரலாகிறது!

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன ஒரு மரம் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர், வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள். கடல் இருந்த காலத்தில் ஆறு அடித்து வந்து சேர்த்த மரம் அது. அதைப் பற்றி ஒரு பேத்தி மூன்று நிமிட வீடியோ செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர்க் கதையைத் தாத்தா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் இல்லை. மறுபடி பேசச் சொல்ல முடியாது. அந்தக் குரலில் பின்னால் ஃபேன் இரைகிறது, நடுவில் சிமென்ட் லாரி ஒன்று போகிறது.

முதல் வேலை, குரலை அசல் கோப்பாகவே எடுப்பது. ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்தால் அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும். அதை முழுமையாகப் பிரிக்க முடியாது. வாய்ஸ் மெசேஜை அழுத்திப் பிடித்து, 'ஷேர்' கொடுத்துச் சேமிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் 'WhatsApp Voice Notes' என்ற ஃபோல்டரிலும் அது .opus கோப்பாக இருக்கும். அதன் ஒரு நகலைத் தொடாமல் தனியே வைத்துவிட வேண்டும்.

போன் அழைப்பின் பதிவு என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. பழைய வகை அழைப்பு, வினாடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. 'ச' ஒலியின் சீறல் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் சாத்தனூர் என்பது மங்கலாகக் கேட்கும். வராத ஒலியை எந்த ஃபில்டரும் வரவழைக்காது. வாய்ஸ் மெசேஜில் இந்த எல்லை இன்னும் மேலே இருப்பதால் சொற்கள் தெளிவாக வரும். உறவினரிடம் புதிதாகக் கேட்டு வாங்குவதானால், அழைப்பைப் பதிவு செய்வதைவிட வாய்ஸ் மெசேஜ் கேட்பதே மேல்.

அடுத்தது ஃபேன் இரைச்சல். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' போதும். கோப்பு நேரடியாகத் திறக்காவிட்டால் WAV ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். தாத்தா மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், ஃபேன் மட்டும் கேட்கும் அரை வினாடியைத் தேர்ந்தெடுத்து, Noise Reduction பகுதியில் Get Noise Profile அழுத்த வேண்டும். அந்தத் துண்டில் இரைச்சல் நிஜமாகவே கேட்க வேண்டும். சில போன்கள் பேச்சு நிற்கும்போது ஒலியை முழுக்க அடைத்துவிடும். அந்த வெறும் மௌனத்தைக் காட்டினால் மென்பொருளுக்குக் கற்க எதுவும் இருக்காது.

பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, குறைப்பு அளவை 6 டெசிபலில் வைத்துத் தொடங்கலாம். அளவு மிஞ்சுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. Residue என்பதைத் தேர்ந்தெடுத்து Preview அழுத்தினால், நீக்கப்படுவது மட்டும் கேட்கும். அதில் ஃபேன் மட்டும் இருந்தால் சரி. தாத்தாவின் சொற்களும் கேட்டால் அவருடைய குரலும் கழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவைக் குறைத்து, மறுபடி Reduce-க்கு மாற்றிவிட்டு OK கொடுக்க வேண்டும். மிஞ்சிப் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும், 'ழ'வும் 'ள'வும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் ஃபேன் சத்தம் மிஞ்சியிருப்பது அதைவிட நல்லது.

லாரி விஷயம் வேறு. ஃபேன் ஒரே சீராக இரைவதால்தான் இந்த முறை பலிக்கிறது. நெருங்கி வந்து விலகும் லாரியின் சத்தம் நொடிக்கு நொடி மாறும். அது பேச்சு இல்லாத இடத்தில் விழுந்தால், வெட்டிவிட்டு அங்கே முன்பு தேர்ந்தெடுத்த ஃபேன் துண்டின் சத்தத்தை ஒட்டலாம். வெறும் மௌனம் வைத்தால் குரல் அறுந்தது போலிருக்கும். பேச்சின் மேலேயே லாரி விழுந்திருந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே விட்டு, எழுத்தாகவும் திரையில் போடுவதுதான் நேர்மையான வழி. உரக்கப் பேசி ஒலி உடைந்து கரகரத்த இடத்துக்கும் இதேதான்.

கடைசியாக ஒலியளவு. Loudness Normalization-இல் -16 LUFS வைத்தால், மெதுவாகப் பேசிய குரலும் போனில் போதுமான சத்தத்துடன் கேட்கும். இரைச்சலைக் குறைக்கும் முன்பே இதைச் செய்தால் ஃபேனும் சேர்ந்து உயரும், கற்ற அளவும் பொருந்தாது. பின்னணி இசையைக் குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே வைக்கலாம்.

முடித்தபின் ஹெட்போனில் ஒருமுறையும், போன் ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேட்க வேண்டும். தாத்தாவை நன்கு அறிந்த ஒருவர், வீட்டிலுள்ள பாட்டியே கூட, எழுத்தைப் பார்க்காமல் கேட்டு ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்ல முடிந்தால் குரல் தயார். குரல் உயிரோடிருக்கும் ஒருவருடையது என்றால், வெளியிடும் முன் அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.