மரங்கள் விழுந்ததா, விழுந்தனவா?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர், தம் மகள் எழுதிய கட்டுரைப் பயிற்சியின் ஒரு பகுதியைப் படியெடுத்து நமக்கு அனுப்பியுள்ளார். பெருங்காற்று வீசியதற்கு மறுநாள் தோட்டம் இருந்த நிலையை அச்சிறுமி ஏழு சிறு வாக்கியங்களில் எழுதியிருக்கிறாள். அவை வருமாறு:

“நிழல் மரங்கள் விழுந்தது. லயத்துக் கூரைத் தகரங்கள் பறந்தது. கொழுந்துக் கூடைகள் நனைந்தது. பாதையெல்லாம் கற்கள் கிடக்கிறது. ஒவ்வொரு வீடும் ஒழுகியது. வண்டிகள் வரவில்லை. மீண்டும் காற்றடித்தால் இன்னும் பல மரங்கள் விழும்.”

ஆசிரியர் ஏழு வினைச்சொற்களின் கீழும் சிவப்புக் கோடிட்டு, ஓரத்தில் ‘தோட்டத்துப் பேச்சு’ என்று குறித்துவிட்டாராம். “எங்கள் பேச்சு அத்துணைப் பழுதானதா?” என்று தந்தையார் வினவுகிறார். வினா இலக்கணத்தைப் பற்றியதாயினும், அதனுள்ளே ஒரு மனவருத்தமும் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே ஆராய்வோம்.

தமிழிலே மக்களைக் குறிக்கும் சொற்கள் உயர்திணை. ஏனைய உயிர்களையும் உயிரில்லாப் பொருள்களையும் குறிப்பவை அஃறிணை. அஃறிணையில் ஒன்றைக் குறிப்பது ஒன்றன்பால், பலவற்றைக் குறிப்பது பலவின்பால். எழுவாய் எப்பாலோ வினையும் அப்பாலாதல் வேண்டும். மரம் விழுந்தது, மரங்கள் விழுந்தன. இது நாம் அனைவரும் பள்ளியிற் படித்த விதி.

ஆயினும் இவ்விதி எதற்காக ஏற்பட்டது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பண்டைத் தமிழில் அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ என்னும் விகுதியைக் கட்டாயமாகப் பெறுவதில்லை. அவ்விகுதியை வேண்டுமிடத்துச் சேர்க்கலாம், வேண்டாவிடத்து விடலாம் என்பதே தொல்காப்பியர் கருத்து. ‘மரம்’ என்ற சொல்லே ஒரு மரத்தையும் குறிக்கும், பல மரங்களையும் குறிக்கும். ‘யானை வந்தது’ என்றால் ஒரு யானை. ‘யானை வந்தன’ என்றால் பல யானைகள். பெயர் மாறவில்லை, வினையின் இறுதி மட்டுமே மாறுகிறது. எத்தனை என்று அறிவிக்கும் பொறுப்பு முழுவதும் வினையின் மேலேயே இருந்தது. பெயரை மட்டும் பார்த்துப் பால் பிரித்தறிய முடியாமையால், இத்தகைய சொற்களுக்குப் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று இலக்கணிகள் பெயரிட்டனர்.

காலப்போக்கில் ‘கள்’ விகுதி அஃறிணைப் பெயர்களில் பெருவழக்காயிற்று. ‘மரங்கள்’ என்று சொன்ன அளவிலேயே பன்மை விளங்கிவிடுகிறது. அதன் பின்னர் வினையும் அதனையே மீண்டும் அறிவிக்க வேண்டிய தேவை பேச்சில் இல்லாமற் போயிற்று. எழுத்தோ பழைய முறையைக் கைவிடாது காத்துவருகிறது.

இனி ஆசிரியரின் குறிப்புக்கு வருவோம். ‘மரமெல்லாம் விழுந்திருச்சு’ என்று நுவரெலியாவில் சொல்வது போலவே மதுரையிலும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் ‘மரங்கள் விழுந்திட்டுது’ என்பர். ஒலி வேறு, ஆனால் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை என்னும் அமைப்பு ஒன்றே. கற்றவராயினும் வீட்டிலே ‘புத்தகங்கள் மேசைமேல் இருக்கின்றன’ என்று பேசுபவரைக் காண்பது அரிது. ஆகவே இதனைத் தோட்டத்துப் பேச்சு என்பது பொருந்தாது. இது தமிழ்ப் பேச்சு.

அப்பேச்சிலும் ஒரு நுட்பம் உண்டு. மாடு, குருவி முதலிய உயிர்களைப் பற்றிப் பேசுங்கால் ‘மாடுங்க வந்துருச்சுங்க’ என்று வினையிலும் பன்மையைக் காட்டுவதுண்டு. கல்லுக்கும் தகரத்துக்கும் அவ்வாறு சொல்வது அரிது. நம் அண்டை வீட்டாரின் சிங்கள மொழியிலோ இத்தகைய பாகுபாடு எழுத்திலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது. உயிரற்ற பொருள்கள் பன்மையில் எழுவாயாக நின்றால், அங்கே வினை ஒருமையில் வருவதே விதி. அரபு மொழியிலும் மக்களல்லாத பன்மைப் பெயர்கள் பெண்பால் ஒருமை வினையையே கொள்கின்றன. எனவே அச்சிறுமியின் வாக்கியங்களில் அறிவுக்குப் பொருந்தாதது எதுவும் இல்லை. அவள் அறிந்துகொள்ள வேண்டியது, தமிழ் எழுத்து நடை வேறொரு வழக்கைக் கொண்டுள்ளது என்பதே.

அவ்வழக்கின்படி ஏழு வாக்கியங்களையும் நோக்குவோம். எளிய சோதனை ஒன்று உண்டு. எழுவாயை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ‘அவை’ என்னும் சொல்லை வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ‘மரங்கள் விழுந்தது’ என்பது காதுக்குப் பழகியிருக்கலாம். ‘அவை விழுந்தது’ என்றதும் இடறும். ‘அவை விழுந்தன’ என்று நாவே திருத்திக்கொள்ளும். இவ்வாறு முதல் மூன்று வாக்கியங்களும் விழுந்தன, பறந்தன, நனைந்தன என்றாகும்.

நான்காவது வாக்கியத்தில் ‘கிடக்கிறது’ என்பது ‘கிடக்கின்றன’ என்றாகும். இங்கே மாணவர் சிலர் ‘கிடக்கிறன’ என்று எழுதிவிடுகின்றனர். அது வழக்கன்று. நிகழ்காலப் பலவின்பாலில் ‘கிறு’ வாராது. ‘கின்று’ என்பதே வரும்.

ஐந்தாவது வாக்கியத்தைத் திருத்தலாகாது. வீடுகள் பல என்பது மெய்யே. ஆனால் ‘ஒவ்வொரு’ என்னும் சொல் அவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒன்று ஒன்றாக நம் முன் நிறுத்துகிறது. ‘ஒவ்வொரு வீடும் ஒழுகியது’ என்பதே சரி. ‘எல்லா வீடுகளும்’ என்று தொடங்கியிருந்தால் ‘ஒழுகின’ என்று முடித்திருக்க வேண்டும். பன்மை விதியைக் கற்ற ஆர்வத்தில் ‘ஒவ்வொரு வீடும் ஒழுகின’ என்று எழுதுவோர் உளர், பிழை அதுவே.

ஆறாவதும் ஏழாவதும் பிழையற்றவை. ‘வரவில்லை’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. வண்டி வரவில்லை, வண்டிகள் வரவில்லை. ‘விழும்’ என்பதும் அவ்வாறே. அது விழும், அவையும் விழும். ஆனால் ‘நாளை வண்டிகள் வராது’ என்று அச்சிறுமி எழுதியிருந்தால், நுணுகி நோக்கும் ஆசிரியர் அதனை ‘வண்டிகள் வாரா’ என்று திருத்தலாம். ‘வாராது’ ஒன்றுக்கு, ‘வாரா’ பலவற்றுக்கு என்பது பழைய முறை. இன்று அச்சிலேயே அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டமையால், சிறுமியிடம் அதனை வற்புறுத்த வேண்டியதில்லை.

ஆக, ஏழு சிவப்புக் கோடுகளில் நான்கு தகும், மூன்று தகா. அந்த நான்கும் ஒரே விதியில் அடங்குவன. இறந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் ‘அவை’ என்று சொல்லிப் பார்த்து எழுதினால் அவள் அவற்றில் மீண்டும் இடறமாட்டாள்.

தந்தையாரின் மனம் ஆறுதற்கு மற்றொன்றும் கூறுவோம். ‘இது என் புத்தகம் அல்ல’ என்று கற்றறிந்தோரும் நாள்தோறும் எழுதுகின்றனர். பழைய இலக்கணப்படி ‘அல்ல’ என்பது பலவின்பாற் சொல். ஒரு புத்தகத்துக்கு ‘அன்று’ என்றே வருதல் வேண்டும். சிறுமி பன்மைக்கு ஒருமை வினை தந்தாள். பெரியோர் ஒருமைக்குப் பன்மைச் சொல் தருகின்றனர். இவ்விரண்டில் முன்னதற்கு மட்டுமே சிவப்பு மை கிடைக்கிறது. பின்னதோ செய்தித்தாள் தலைப்புகளிலும் தடையின்றி உலவுகிறது.