மண்கூட்டுக்கு எதுக்குங்க தீப்பந்தம்?

போன வாரம் கை வெந்துபோய் ஒருத்தர் வந்தார். சுவர்ல இருந்த மண்கூட்டை மண்ணெண்ணெய்ப் பந்தம் வச்சுக் கொளுத்தியிருக்கார். "விஷ வண்டு சார், கொட்டினா ஆள் காலியாம்." செத்த பூச்சியை மகன் தீப்பெட்டியில் கொண்டு வந்திருந்தான்.

உடம்புல முடியே தெரியல. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவுல நூல் மாதிரி இடுப்பு. மண்குளவி! சிலந்தியைக் கொட்டி மயக்கி, புழுவுக்குத் தீனியா கூட்டுக்குள்ள அடைச்சு வைக்கும். கூட்டமா துரத்தி வராது, ஏன்னா அது தனியா வாழுற பூச்சி. தீக்காயம்தான் மிச்சம்.

அடுத்து, எருக்கம்பூவுல சுத்துற கருவண்டு. அதை 'பம்பிள்பீ'ன்னு போட்டோ போட்டு பீதி கிளப்புறீங்க. பம்பிள்பீக்கு வயிறு வரைக்கும் கம்பளி போர்த்தின மாதிரி முடி. அது குளிர் பிரதேசத்து ஆள், இமயமலைப் பக்கம் இருக்கும், நம்ம சமவெளியில இல்ல. கருவண்டுக்கு முதுகுல முடி இருக்கலாம், ஆனா வயிற்றின் மேல்பக்கம் மொட்டை, வெயில்ல பளபளக்கும். ரெண்டுக்குமே குண்டு உடம்பு, இடுப்பு ஒடுங்குறதே தெரியாது. கருவண்டுல ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில பிடிச்சு நசுக்கினாத்தான் கொட்டும். அதுக்குப் போய் மருந்து அடிக்கிறீங்க!

பயப்பட வேண்டியது கதண்டுக் கூட்டுக்கும் மலைத்தேனீ அடைக்கும். அதையும் நீங்க கொளுத்தாதீங்க, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க. எது கொட்டினாலும் முகம் வீங்கி, மூச்சுத் திணறினா பூச்சியோட பேரைத் தேடிட்டு இருக்காம உடனே ஜிஎச்சுக்கு வாங்க.