அக்டோபரில் பொருள் மாறிய V27

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவுகளை எடுத்து, V27 என்ற குறியீட்டை வைத்து 2015-ஆம் ஆண்டின் பிரசவங்களை எண்ணினால், முந்தைய ஆண்டைவிடக் கால்வாசி குறைந்தது போலத் தெரியும். பிரசவம் எதுவும் குறையவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் V27 வேறொன்றைக் குறிக்கத் தொடங்கியதுதான் காரணம்.

அதுவரை அங்கே நோய்க்குறியீட்டுக்கு ஐசிடி-9 பட்டியல் புழக்கத்தில் இருந்தது. அதில் V27 என்றால் பிரசவத்தின் விளைவு. பிரசவித்த தாயின் பதிவில் அது இடம்பெறும். அடுத்து வந்த ஐசிடி-10 பட்டியலில் அதே V27, மரத்திலோ சுவரிலோ மோதிக் காயமடைந்த மோட்டார் சைக்கிள் ஓட்டியையும் உடன் வந்தவரையும் குறிக்கிறது. பிரசவ விளைவு Z37-க்குப் போய்விட்டது.

மாதம் 200 பிரசவம் நடக்கும் மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். 2014-இல் 2,400. 2015-இல் செப்டம்பர் வரை 1,800, அதன்பின் விபத்துப் பதிவுகள் ஒன்றிரண்டு. ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கால்வாசி சரிவுக்குக் காரணம் சொல்வது எளிது: மருத்துவர் விலகியிருக்கலாம், பக்கத்தில் புது மருத்துவமனை வந்திருக்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாதவாரியாகப் பிரித்தால் உண்மை உடனே வெளிப்படும். மக்களின் பழக்கம் மாறினால் கோடு சாய்ந்து இறங்கும். ஒரே தேதியில் செங்குத்தாக விழாது.

திருத்தம் கடினமல்ல. எந்தப் பட்டியல்படி குறியீடு இடப்பட்டது என்பது கட்டணப் படிவத்திலேயே இருக்கிறது: ஐசிடி-9 என்றால் 9, ஐசிடி-10 என்றால் 0. அதையும் சேர்த்தே தேட வேண்டும்.

```sql
WHERE (ver = '9' AND dx LIKE 'V27%')
   OR (ver = '0' AND dx LIKE 'Z37%')
```

பட்டியலைக் காட்டும் இந்த ver பத்தி தரவில் இல்லையென்றால் தேதியை நம்ப வேண்டிவரும். அப்போது உள்நோயாளி எந்த நாளில் வீடு திரும்பினார் என்பதே கணக்கு, சேர்ந்த நாள் அல்ல. செப்டம்பர் 29-இல் சேர்ந்து அக்டோபர் 2-இல் குழந்தையோடு கிளம்பிய தாயின் பதிவு புதிய பட்டியலில்தான் இருக்கும்.

பிரசவத்துக்கு நேருக்கு நேர் மாற்றுக் குறியீடு இருப்பதால் தப்பிக்கலாம். எல்லா நோய்க்கும் அந்த வசதி கிடையாது. ஓபியாய்டு தொடர்பான மருத்துவமனைச் சேர்க்கைகள், பட்டியல் மாறிய ஒரே காலாண்டில் சுமார் 14 சதவீதம் கூடின. போதைப் பயன்பாடு, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைப் புதிய பட்டியல் வேறு விதமாகப் பிரிக்கிறது. அந்த உயர்வில் நோய் எவ்வளவு, குறியீடு எவ்வளவு என்று எந்த மாற்று அட்டவணையாலும் துல்லியமாகப் பிரிக்க முடியாது. 2015 செப்டம்பர் வரையிலான கோட்டையும் அதற்குப் பிந்தைய கோட்டையும் இணைக்காமல் தனித்தனியே வரைவதுதான் நேர்மையான வழி. அமெரிக்க அரசின் தேசிய உள்நோயாளித் தரவுத் தொகுப்பும் அந்த ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளையும் கடைசிக் காலாண்டையும் தனித்தனிக் கோப்புகளாகவே வெளியிட்டது.