ஆடி மாதத்தில் வந்தவர் எத்தனை பேர்?

அழகுக்கலைஞர் ஒருவரின் பயோடேட்டாவில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: படித்த சான்றிதழ், செய்யத் தெரிந்த வேலை, திரும்பி வரும் வாடிக்கையாளர், சுத்தம் பேணும் முறை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பார்லர்களில் வேலை தேடும் பெண்கள் முதல் இரண்டைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். வேலையின் தரத்தைக் காட்டுவதோ பின்னிரண்டுதான்.

சான்றிதழைப் பொறுத்தவரை, எங்கே, எவ்வளவு காலம் படித்தார் என்பதே முக்கியம். ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு. முடித்துத் தேர்ச்சி பெற்றால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ஒரு நாள் மேக்கப் பயிலரங்கில் தந்த தாளையும் இதையும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் எழுதினால் பெரிய படிப்பின் மதிப்பும் குறைந்துபோகும். பயிற்சிக் காலத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. தெரிந்த வேலைகளைத் தனியாகச் செய்பவை, உதவியாளராக நின்று செய்தவை என்று பிரித்துக் காட்டலாம். த்ரெடிங்கில் தேர்ந்த கை முடி நேராக்கும் ரசாயனத்தையும் கையாளும் என்று சொல்ல முடியாது.

டெல்டாவில் வாடிக்கையாளர் கணக்கு மாதத்தைப் பொறுத்தது. சம்பா அறுவடையாகிக் கையில் காசு புரளும் தையிலிருந்து கல்யாணங்கள் தொடங்கிவிடும். பார்லர்களில் கூட்டம் நெரியும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே, ‘நூறு மணப்பெண் அலங்காரம்’ என்ற வரி திறமையைச் சொல்லலாம். திரும்பி வந்தவர்களைச் சொல்லாது. மணப்பெண் ஒருமுறைதான் வருவாள். புருவம் திருத்திக்கொள்பவரோ மூன்று நான்கு வாரங்களில் முடி வளர்ந்ததும் மறுபடி வந்தாக வேண்டும். அவர் அதே கையைத் தேடி வருகிறாரா என்பதை முகூர்த்தமில்லாத மாதம்தான் காட்டும்.

பாபநாசத்தில் ஒரு பார்லரில் மூன்றாண்டு வேலை செய்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டி, வைகாசியில் தன்னிடம் வந்தவர்களை எண்ணுகிறார்: 64 பேர். அவர்களில் ஆடியிலும் வந்தவர்கள் 22 பேர். ‘வாடிக்கையாளர் அதிகம்’ என்று எழுதுவதற்குப் பதில், ‘வைகாசியில் வந்த 64 பேரில் 22 பேர் ஆடியிலும் வந்தனர், பெரும்பாலும் த்ரெடிங், ஃபேஷியல்’ என்று எழுதினால், முதலாளி நோட்டைக் கேட்டுச் சரிபார்க்கலாம். வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் பயோடேட்டாவில் வரவே கூடாது. அவை அவர்கள் நம்பிக் கொடுத்தவை.

சுத்தத்தைப் பற்றி ‘சுகாதாரமான முறையில் பணிபுரிவேன்’ என்று எழுதுவது வீண். என்ன செய்வார் என்பதை எழுத வேண்டும். பெடிக்யூரை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நகப் பராமரிப்பு நிலையத்தில் கால் ஊறவைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் கிளம்பி, ஆறாப் புண்ணாயின. நீரைச் சுழற்றும் தொட்டியின் உறிஞ்சு வாய்ச் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோல்துகளும் அடைந்து கிடந்தன. மைக்கோபாக்டீரியம் என்ற கிருமி அங்கே பெருகியிருந்தது. முன்னதாகக் கால்முடியை மழித்திருந்தவர்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். மழித்த தோலின் நுண்ணிய கீறல்கள் கிருமிக்கு வழி விட்டிருக்க வேண்டும்.

நடவு வயலில் நாள் முழுக்க நின்ற கால்களில் வெடிப்பும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் இருக்கும். எனவே டெல்டா பார்லரில் பெடிக்யூர் கால்விரல் இடுக்கைப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். தோல் வெளுத்து ஊறியிருந்தாலோ புண் தெரிந்தாலோ தண்ணீரில் கால் வைக்கவிடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலில் வேக்சிங் செய்த அன்றே பெடிக்யூர் கூடாது. சுழல் தொட்டியைவிடச் சாதாரணப் பேசின் மேல். ஒளிந்த மூலை அதில் இல்லை. ஒவ்வொருவருக்குப் பின்னும் நீரைக் கொட்டி, சோப்பால் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியை லேபிளில் சொன்ன நேரம் வரை விட்டுவைத்து அலச வேண்டும்.

உலோகக் கருவிகளுக்கும் முதலில் கழுவல், பிறகே கிருமிநாசினி. ஒட்டிக் காய்ந்த ரத்தமும் தோலும் மருந்து கிருமியைத் தொடவிடாது. புறஊதாப் பெட்டியில் வைத்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு. ஒளி படாத மறுபக்கத்தில் கிருமி சாகாது. வேக்ஸில் தொட்ட குச்சியைத் திரும்ப முக்கக் கூடாது. ஆளுக்கொரு புது நூல் என்பதோடு, நூலை வாயில் கடிக்காமல் கழுத்தில் மாட்டி இழுக்கும் பழக்கமும் இருந்தால் அதையும் எழுதலாம்.

இந்த வரிகளை நேர்முகத்தேர்வில் செய்து காட்டச் சொல்வது எளிது. பேசினையும் பிரஷ்ஷையும் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்லர் நடத்துபவர்கள் சான்றிதழைப் பார்த்த கையோடு இந்தச் சோதனையையும் வைக்க வேண்டும்.